எல்லாப் படங்களுக்கும் ஒரே சாயல்: லட் கோப்பைக் கையால் செய்வதா, ஃபிலிமிலிருந்து அளப்பதா, ஓவியத்திலிருந்து எடுப்பதா?

இணையத்தில் கிடைக்கும் ஃபிலிம் லட் ஒன்றை இறக்கிப் போட்டால் பத்துப் படத்தில் ரெண்டு படம் அருமையாக இருக்கும், மீதி எட்டு சேறு பூசின மாதிரி ஆகிவிடும். அது யாரோ ஒருவர் தன் கேமராவுக்கும் தன் வெளிச்சத்துக்கும் செய்தது, அதனால்தான். நமக்கானதை நாமே செய்துகொள்ளலாம், அது பயப்படுகிற அளவுக்குக் கடினம் இல்லை. ஆனால் எந்த வழியில் செய்வது என்பதை முதலிலேயே முடிவு பண்ண வேண்டும். வழி மாறினால் கிடைக்கும் பொருளே மாறிவிடும்.

லட் என்பது ஒரு அட்டவணை. உள்ளே ஒரு நிறம் போனால் வெளியே எந்த நிறம் வர வேண்டும் என்று மட்டும் அதில் எழுதியிருக்கும். வழக்கமான அளவு சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 33 படிகள், ஆக மொத்தம் 35,937 நிறங்கள். நடுவில் வரும் நிறங்களை மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளும். அந்தப் பிக்சல் படத்தில் எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் லட்டுக்குத் தெரியவே தெரியாது. அதனால் கிரெய்ன், விளக்கைச் சுற்றி வரும் சிவப்பு ஒளிவட்டம், ஓரம் இருள்வது, தூரிகைத் தடம் எதையும் இதற்குள் வைக்க முடியாது. அவை எல்லாம் லட்டுக்குப் பிறகு தனியாகச் செய்ய வேண்டிய வேலை.

அந்த 35,937 எண்களை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. உங்கள் கண்ணும் கையும் சொல்லலாம், ஃபிலிமையும் டிஜிட்டலையும் பக்கத்தில் வைத்து அளந்து எடுக்கலாம், அல்லது ஒரு ஓவியத்தின் நிறப் பரவலிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கலாம். இந்த மூன்றில் பெரும்பாலானவர்களுக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். மற்ற ரெண்டும் எப்போது பொருந்தும், எங்கே காலை வாரும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும், அதனால் மூன்றையும் பார்க்கலாம்.

கையால் செய்வது

இதற்கு எளிய வழி ஹால்ட் படம். எல்லா நிறங்களையும் வரிசையாக அடுக்கி வைத்த ஒரு சதுரப் படம் அது. எட்டாம் நிலை ஹால்ட் 512 × 512 பிக்சல், அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 64 படிகள். உங்கள் எடிட்டரில் நாலைந்து மாதிரிப் படங்களை வைத்துச் சாயலைச் சரி பண்ணி, அதே அமைப்புகளை அப்படியே இந்த ஹால்ட் படத்துக்கும் போட்டுச் சேமித்தால், அந்தப் படமே உங்கள் லட். ராதெரபீ, டார்க்டேபிள் ரெண்டும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ளும். இமேஜ்மேஜிக் இருந்தால் இப்படி:

```
magick hald:8 -depth 16 identity.png
magick photo.png identity-edited.png -hald-clut out.png
magick compare -metric PSNR -fuzz 2% -compose src direct.png out.png diff.png
```

முதல் வரி வெறும் ஹால்ட் படத்தைத் தரும். ரெண்டாவது, நீங்கள் எடிட் பண்ணிய ஹால்டை ஒரு படத்தின் மேல் போடும். மூன்றாவது வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முக்கியம். அதே படத்தை எடிட்டரிலேயே நேரடியாக எடிட் பண்ணி `direct.png` என்று வைத்துக்கொண்டு, லட் வழியாக வந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசப் படத்தில் பொருட்களின் விளிம்புகள் கோடு போட்ட மாதிரித் தெரிந்தால், இடம் பார்த்து வேலை செய்யும் ஏதோ ஒரு கருவி உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். கிளாரிட்டி, டெக்ஸ்சர், டீஹேஸ், ஷார்ப்பனிங், நாய்ஸ் குறைப்பு, பல எடிட்டர்களில் ஷேடோ, ஹைலைட் ஸ்லைடர்கள்கூட இந்த வகைதான். கர்வ், நிறவாரியான ஹியூ, சாச்சுரேஷன் ஸ்லைடர்கள், ஸ்பிளிட் டோனிங், சேனல் மிக்சர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் பிரச்சினை வராது. ஆட்டோ என்று பெயர் உள்ள எதையும் தொட வேண்டாம், அது ஹால்ட் படத்தைப் பார்த்து வேறு முடிவு எடுக்கும், உங்கள் படத்தைப் பார்த்து வேறு முடிவு எடுக்கும்.

இன்னொன்று, ஹால்ட் படத்தை ஜேபெக்காகச் சேமித்தால் கதை முடிந்தது. அதில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் தொடர்பில்லாத நிறங்களாக வரும் இடங்கள் உண்டு, ஜேபெக் அவற்றைக் கலந்து அரைத்துவிடும், பிறகு உங்கள் படங்களில் வானம் புள்ளி புள்ளியாக வரும்போது காரணம் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். 16 பிட் பிஎன்ஜி அல்லது டிஃப், அளவு மாற்றாமல், `sRGB` புரொஃபைலோடு. அவ்வளவுதான்.

சரி, என்னென்ன மாற்ற வேண்டும்? ஃபிலிம் சாயல் என்றதும் எல்லாரும் கருப்பைத் தூக்கி, நிழலில் நீலப்பச்சையைத் தெளித்து, வெளிச்சத்தில் மஞ்சள் சேர்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிதான். ஃபிலிமில் நிறம் என்பது சாயம், சாயம் கூடக் கூட ஒளியை அது அதிகம் தடுக்கும், அதனால் அழுத்தமான சிவப்பு என்றால் கொஞ்சம் இருண்ட சிவப்பு. டிஜிட்டலில் சாச்சுரேஷன் ஸ்லைடரைத் தள்ளினால் நிறம் பெரும்பாலும் பளிச்சென்று எரியும். ஃபிலிமில் எடுத்த சிவப்புத் துணி கனமாகத் தெரிவதற்கும், டிஜிட்டல் சிவப்பு பிளாஸ்டிக் மாதிரித் தெரிவதற்கும் இது பெரிய காரணம். எடிட்டரில் செய்வதானால் சிவப்பு, நீலம், பச்சையின் லூமினன்ஸ் ஸ்லைடர்களைக் கொஞ்சம் இறக்க வேண்டும், ஆனால் அது அந்த நிறத்தில் மெல்லியதையும் சேர்த்து இறக்கிவிடும். சூத்திரமாக எழுதினால் அழுத்தமான நிறத்தை மட்டும் குறிபார்க்கலாம், அதனால் கொஞ்சம் பைதான் தெரிந்தவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன்:

```python
import numpy as np

def grade(rgb):
    s = rgb.max(1, keepdims=True) - rgb.min(1, keepdims=True)
    x = rgb * (1 - 0.18 * s**1.5)
    L = x @ np.array([[0.2126], [0.7152], [0.0722]])
    x = x + (1 - L)**2 * [-0.010, 0.004, 0.012]
    x = x + L**2 * [0.012, 0.004, -0.020]
    return 0.045 + 0.925 * x

g = np.linspace(0, 1, 33)
b, gr, r = np.meshgrid(g, g, g, indexing="ij")
rgb = np.stack([r, gr, b], -1).reshape(-1, 3)
with open("grade.cube", "w") as f:
    f.write("LUT_3D_SIZE 33\n")
    for p in np.clip(grade(rgb), 0, 1):
        f.write("%.6f %.6f %.6f\n" % tuple(p))
```

`grade`க்குள் இருக்கும் ரெண்டாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. `s` என்பது நிறம் எவ்வளவு அழுத்தம் என்பதற்கான அளவு. சுத்தமான சிவப்புக்கு அது 1, ஆக அந்த வரிக்குப் பிறகு 255 என்பது 209 ஆகிறது. மாநிறத் தோல் ஒன்றின் மேல் வெளிச்சம் படும் இடம் 217, 166, 140 என்று இருந்தால் `s` சுமார் 0.3, சிவப்பு 217 என்பது 211 ஆகத்தான் இறங்குகிறது, கண்ணுக்குத் தெரியாது. சாம்பலுக்கு `s` பூஜ்யம், ஒன்றுமே நடக்காது. அதற்கடுத்த ரெண்டு கூட்டல்களும் நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் சாயம் ஏற்றுகின்றன, கடைசி வரி கருப்பைத் தூக்கி வெள்ளையை இறக்குகிறது. முடிவில் கருப்பு 9, 12, 14 என்று லேசான நீலப்பச்சையாகவும், வெள்ளை 250, 248, 243 என்று கிரீம் நிறமாகவும் நிற்கும், நடுச் சாம்பல் கிட்டத்தட்ட சாம்பலாகவே இருக்கும். எண்கள் எவ்வளவு சின்னவை என்று கவனியுங்கள். 0.012 என்பது 255க்கு வெறும் மூன்று. தனிப் படத்தில் இது போதாது என்று தோன்றும், வரிசையாக இருபது படங்களைப் பார்த்தால் போதும் என்று தெரியும். சாயம் கண்ணில் அடிக்கிற அளவுக்கு ஏற்றினால் ஒவ்வொரு படமும் தனக்குத்தானே சண்டை போடும்.

`.cube` கோப்பில் சிவப்புதான் வேகமாக மாற வேண்டும், அதனால்தான் `b, gr, r` என்று தலைகீழாக எழுதியிருக்கிறது. இதை மாற்றிப் போட்டால் சிவப்பும் நீலமும் இடம் மாறிவிடும், முகங்கள் நீலமாக வந்தால் இங்கே வந்து பாருங்கள். ஹால்ட் படமும் இதே வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கும். அதன் பிக்சல்களை இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் படித்து அப்படியே எழுதி, அளவை 64 என்று போட்டால் அதுவும் ஒரு `.cube` ஆகிவிடும்.

ஃபிலிமிலிருந்து அளப்பது

உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட ஃபிலிம்தான் வேண்டும், அதே ஃபிலிமில் எடுத்த படங்களோடு டிஜிட்டல் படங்களையும் கலந்து வைக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வழி. 24 கட்டங்கள் உள்ள கலர் செக்கரை ஒரே வெளிச்சத்தில் ஃபிலிமிலும் டிஜிட்டலிலும் எடுக்க வேண்டும். ஒரே ஒரு எக்ஸ்போஷர் போதாது, இருட்டிலும் வெளிச்சத்திலும் ஃபிலிம் வேறு வேறு மாதிரி வளையும், அந்த வளைவுதான் நமக்கு வேண்டியதே. ரெண்டு ஸ்டாப் குறைவிலிருந்து மூன்று ஸ்டாப் அதிகம் வரை ஆறு ஃபிரேம் எடுத்தால் 144 ஜோடிகள். டிஜிட்டலில் வெளுத்துப்போன கட்டங்களை, அதாவது ஏதாவது ஒரு சேனல் 255ஐத் தொட்டவற்றை, தூக்கிப் போட வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கையில் 144 புள்ளிகூட முழுசாக இல்லை, நிரப்ப வேண்டியது 35,937. நடுவில் உள்ளதை எல்லாம் வழுவழுப்பான ஒரு பரப்பு போட்டு நிரப்ப வேண்டும், சைபையில் இருக்கும் `RBFInterpolator` இதற்குப் போதும். `smoothing` பூஜ்யமாக விட்டால் ஸ்கேனின் கிரெய்ன், தூசி வரை எல்லாப் பிழையையும் அது உண்மை என்று நம்பிவிடும், கொஞ்சம் கூட்ட வேண்டும். அதைவிட முக்கியம், கலர் செக்கரில் உள்ள கட்டங்கள் எல்லாம் மிதமான நிறங்கள். சுத்த நீலம், சுத்த மெஜந்தா பக்கம் ஒரு புள்ளியும் இருக்காது. அங்கே பரப்பு எங்கே வேண்டுமானாலும் பறக்கும். கனசதுரத்தின் எட்டு மூலைகளுக்கும் நியாயமான மதிப்புகளை நீங்களே கொடுத்து ஆணி அடித்து வைத்தால்தான் அடங்கும். அப்படிச் செய்யாத லட் சாதாரணப் படங்களில் நன்றாக இருக்கும், எல்இடி விளக்கு, ஊதாப் பூ என்று வந்ததும் திட்டுத் திட்டாக உடையும்.

டார்க்டேபிளோடு வரும் `darktable-chart` இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்து தரும், ஆனால் அது தருவது டார்க்டேபிள் ஸ்டைல், எங்கும் எடுத்துப் போகக்கூடிய `.cube` இல்லை.

இன்னும் ரெண்டு தடைகள் உண்டு. நெகட்டிவ்வை ஸ்கேன் பண்ணும் இடத்தில் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஆட்டோ திருத்தம் ஓடினால் நீங்கள் அளப்பது ஃபிலிமை இல்லை, ஸ்கேனர் மென்பொருளின் மனநிலையை. எல்லா ஃபிரேமும் ஒரே அமைப்பில், ஆட்டோ அணைத்து ஸ்கேன் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வழியில் இறங்கவே வேண்டாம். ரெண்டாவது தடையைத் தாண்டவே முடியாது: டிஜிட்டல் சென்சாருக்கு ஒரே எண்ணாகத் தெரியும் ரெண்டு துணிகள் ஃபிலிமுக்கு வேறு வேறு நிறமாகத் தெரியலாம், ரெண்டின் ஒளி உணர்வும் வேறு. ஒரே எண்ணாக வந்துவிட்டதை எந்த அட்டவணையாலும் பிரிக்க முடியாது. அதனால் ‘அச்சு அசலாக’ என்று யார் சொன்னாலும், அந்த வெளிச்சத்துக்கு, அந்தக் கட்டங்களுக்கு என்று சேர்த்துப் படியுங்கள்.

ஓவியத்திலிருந்து எடுப்பது

பார்க்க இதுதான் ரொம்ப ஆசையைக் கிளப்பும். ஓவியம் ஒன்றின் நல்ல படத்தை எடுத்து, சட்டத்தை வெட்டிவிட்டு, வெளிச்சத்தை L என்றும், பச்சை-சிவப்பை a என்றும், நீலம்-மஞ்சளை b என்றும் பிரித்து வைக்கும் லேப் நிறவெளிக்கு மாற்றி, மூன்று சேனலுக்கும் சராசரியும் விலகலும் கணக்கிட்டு, உங்கள் படத்தின் சராசரியையும் விலகலையும் அதற்குப் பொருத்துவது. 2001இல் ரைன்ஹார்டும் அவர் கூட்டாளிகளும் சொன்ன முறைக்கு நெருங்கிய உறவு, அவர்கள் பயன்படுத்தியது லேப் போலவே வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரிக்கும் வேறொரு நிறவெளி. ஒரு சேனலுக்குச் சூத்திரம் இவ்வளவுதான்:

```
new = (old - mean_photo) * (std_painting / std_photo) + mean_painting
```

இதை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக ஓட்டுவதுதான் பலரும் செய்வது, அங்கேதான் ஒரே சாயல் என்ற நோக்கமே உடைகிறது. ஒரு சாம்பல் சட்டையை எடுத்துக்கொள்வோம், அதன் a மதிப்பு 0. ஓவியத்தில் a சராசரி 6, விலகல் 9 என்று வைப்போம். வீட்டுக்குள் எடுத்த படத்தில் a சராசரி 3, விலகல் 11 என்றால் சட்டை 3.5க்குப் போகும், லேசான வெதுவெதுப்பு. அதே ஆள் அதே சட்டையோடு புல்வெளியில் நிற்கிறார், படம் முழுக்கப் பச்சை, சராசரி −15, விலகல் அதே 11. இப்போது சட்டை 18க்கு மேல் போய்விடும், அப்பட்டமான ரோஸ். பக்கத்துப் பக்கத்துப் படங்களில் ஒரே சட்டை ரெண்டு நிறம்.

இதற்குத் தீர்வு, தொடரில் உள்ள எல்லாப் படங்களின் பிக்சல்களையும் சேர்த்து ஒரே ஒரு சராசரி, ஒரே ஒரு விலகல் எடுப்பது, அதை வைத்து ஒரே ஒரு லட் செய்து எல்லாவற்றுக்கும் போடுவது. மேலே உள்ள பைதானில் `grade` இருக்கும் இடத்தில் இந்தச் சூத்திரத்தை வைத்தால் போதும், லேபுக்குப் போய்வரும் மாற்றத்தோடு.

அப்போதும் முழு வலுவில் போடக் கூடாது. தொகுப்பின் b சராசரி 8, விலகல் 16, ஓவியத்தில் 19, 12 என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் நடுச் சாம்பல் 13க்குப் போகிறது, பழைய வார்னிஷ் பூசின மஞ்சள். −30இல் இருந்த நீல வானம் −9.5க்கு வந்து சாம்பலாகிறது. பாதி வலுவில், அதாவது பழையதும் புதியதும் சரிபாதி கலந்தால், சாம்பல் 6.5, வானம் சுமார் −20. இது படமாகவும் இருக்கும், ஓவியத்தின் வாசனையும் இருக்கும். வெளிச்சத்துக்கு இன்னும் கம்மியாகப் போட வேண்டும். L சராசரி 52, விலகல் 24 உள்ள தொகுப்பை 38, 18 உள்ள இருண்ட ஓவியத்துக்குப் பொருத்தினால் வெள்ளை 100இலிருந்து 74க்கு விழுந்துவிடும். L சேனலுக்குக் கால் பங்கு, நிறத்துக்குப் பாதி என்பது நல்ல தொடக்கம். சராசரி, விலகல் போதாது என்று சேனல் சேனலாக ஹிஸ்டோகிராமையே பொருத்தப் போனால் வளைவு படிப்படியாக உடைந்து வானத்தில் பட்டை விழும், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அப்போ எது?

ஒரு சாயலை நீங்கள் மனதில் வைத்திருக்கிறீர்கள், அது எல்லாப் படத்திலும் வர வேண்டும் என்றால் கையால். எடிட்டர் பழக்கமானவர்களுக்கு ஹால்ட், எண்களோடு பழகியவர்களுக்குச் சூத்திரம். ஓவிய நிறம் வேண்டும் என்பவர்கள்கூட ஓவியக் கணக்கைப் பாதி வலுவில் ஓட்டி, அது எந்தத் திசையில் இழுக்கிறது என்று பார்த்துவிட்டு, அதையே கையால் எழுதினால் இன்னும் அடக்கமாக வரும். ஓவியத்தில் இல்லாத நிறங்களுக்கு என்ன ஆக வேண்டும் என்று சராசரிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அளக்கும் வழி, ஃபிலிமும் டிஜிட்டலும் நிஜமாகவே பக்கத்தில் நிற்கப் போகிறவர்களுக்கு மட்டும்.

எந்த வழியில் போனாலும் லட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வைட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும் எல்லாப் படத்திலும் ஒரே நிலைக்கு வந்திருக்க வேண்டும். ‘லட் எனக்கு வேலை செய்யவில்லை’ என்று வருபவர்களின் படங்களை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். ஒரு படத்தில் முகம் ஒரு ஸ்டாப் இருட்டாக இருந்தால், அந்தத் தோல் நிறம் லட்டில் நிழலுக்கான பகுதிக்குள் போய் விழுகிறது, நிழலுக்கு நாம் ஏற்றிய நீலப்பச்சை முகத்தில் ஏறுகிறது. லட் போட்ட பிறகு வெளிச்சத்தைக் கூட்டினால் அந்தப் பச்சையும் சேர்ந்துதான் வெளுக்கும். முன்னாலேயே கூட்ட வேண்டும். படம் `sRGB`யில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், அகலமான வேறு நிறவெளியில் உள்ள படத்துக்கு இதே லட்டைப் போட்டால் எல்லா நிறமும் கொஞ்சம் தள்ளிப் போய் விழும்.

கடைசியாக ஒரு சோதனை. கருப்பிலிருந்து வெள்ளை வரை வழுக்கிப் போகும் ஒரு 16 பிட் சாம்பல் பட்டை, ஒரு முகம், தெளிந்த வானம், அழுத்தமான நிறத்தில் ஒரு பூ. இந்த நாலுக்கும் லட்டைப் போட்டு இருநூறு சதவீதத்தில் பாருங்கள். பட்டையில் எங்காவது வெளிச்சம் ஏறாமல் பின்னோக்கி இறங்கினால் வளைவு மடங்கியிருக்கிறது. பூவின் இதழில் மெதுவாக மாற வேண்டிய நிறம் திடீரென்று கோடு போட்டு மாறினால், அந்த நிறத்துக்கும் பக்கத்து நிறத்துக்கும் ஸ்லைடர்களை எதிரெதிராக இழுத்திருக்கிறீர்கள், ரெண்டையும் பாதி தூரம் திரும்பக் கொண்டுவாருங்கள். படி எண்ணிக்கையை 33இலிருந்து 65 ஆக்கினால் அந்தக் கோடு இன்னும் கூர்மையாகுமே தவிர மறையாது. பட்டையும் பூவும் ரெண்டும் வழுவழுப்பாக வந்த பிறகு கிரெய்னைச் சேருங்கள், அதற்கு முன்னால் சேர்த்தால் இந்தக் கோளாறுகள் எல்லாம் அதற்கடியில் ஒளிந்துகொள்ளும்.